உண்ட மயக்கத்தைக் கலைத்த ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. செகிஞ்சானில் ஒரு மண்டபம். காலையிலிருந்து மூன்று பேர் உரையாற்றி முடித்துவிட்டார்கள். வாழை இலையில் சாதம், சாம்பார், கோழிப் பிரட்டல், அப்பளம், கடைசியில் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிய பாயசம். அதற்குப் பிறகு, 'இளைஞர்களும் எதிர்காலமும்: சவால்களும் வாய்ப்புகளும்' என்ற கலந்துரையாடல். நெறியாளர் நான்.

மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். மூன்றாவது வரிசையில் ஒரு தாத்தாவின் தலை மெதுவாக இறங்கி, திடுக்கென்று நிமிர்ந்து, மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசைப் பையன்கள் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். அம்மாக்கள் பிள்ளைகளை மடியில் சாய்த்துக்கொண்டு, தாங்களும் பாதி சாய்ந்திருந்தார்கள். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பது சும்மா சொன்ன வார்த்தையில்லை.

பழியை முழுக்கப் பாயசத்தின் மேல் போடவும் முடியாது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் நம் உடலுக்கே ஒரு தொய்வு வருகிறது. சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும். காலையில் எழுந்ததிலிருந்து சேர்ந்துகொண்டே போகும் தூக்கச் சுமை ஒரு பக்கம். அதை எதிர்த்து நம்மை விழிப்பாக வைத்திருக்கும் உடல் கடிகாரம் அந்த நேரத்தில் இன்னும் முழு வேகம் எடுக்காதது மறுபக்கம். வயிறு நிறையச் சாப்பிட்டதும், முந்தின இரவு சரியாகத் தூங்காததும் அந்தத் தொய்வை ஆழமாக்குகின்றன. ஆகவே அந்த நேரத்தில் மேடை ஏறுகிறவர் கூட்டத்தைக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

அன்று நான் வணக்கம் சொன்ன கையோடு ஒரு கேள்வி கேட்டேன்.

"படிச்ச பிள்ளை ஊரிலேயே தங்கிட்டா, பெத்தவங்க தோத்துட்டாங்களா, இல்லையா?"

மூன்றாவது வரிசைத் தாத்தா கண்ணைத் திறந்தார்.

*ஒரு தோல்வியில் கற்றது*

இந்தக் கேள்வி அந்த நிமிடத்தில் வாயில் வந்ததல்ல. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், இதே மாதிரி ஒரு மதிய நேரத்தில், நான் நன்றாகச் சறுக்கி விழுந்திருக்கிறேன். அன்றைய தலைப்பு, பிள்ளைகளும் கைப்பேசியும். கூட்டத்தை எழுப்ப வேண்டும் என்ற ஆசையில், "இங்க எத்தனை பேர் உங்க பிள்ளையோட போனைத் திருட்டுத்தனமா எட்டிப் பார்த்திருக்கீங்க? கை தூக்குங்க பார்க்கலாம்" என்றேன்.

ஒரு கையும் எழவில்லை. நாலைந்து பேர் சங்கடமாகச் சிரித்தார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் அந்த அரங்கம் எனக்குத் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் பேச்சாளர்களும் நானும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

தவறு எங்கே என்று வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. நான் கேட்டது கேள்வியில்லை, வாக்குமூலம். சொந்தப் பிள்ளையின் முன்னால் யார் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள்? அதையே, "பெத்தவங்க பிள்ளையோட போனைப் பார்க்கிறது உரிமையா, தப்பா?" என்று கேட்டிருந்தால், எட்டிப் பார்த்தவரும் தைரியமாகக் கை தூக்கியிருப்பார். முதல் கேள்வி, 'நீ என்ன செய்தாய்' என்று கேட்கிறது. இரண்டாவது, 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்கிறது. சீண்டல் இரண்டிலும் உண்டு. ஆனால் முதலாவது ஆளைச் சீண்டுகிறது. இரண்டாவது அவருடைய கருத்தைச் சீண்டுகிறது. முன்னது வாயை மூடவைக்கும், பின்னது திறக்கவைக்கும்.

*பட்டிமன்றத்தில் இருக்கும் சூட்சுமம்*

யோசித்துப் பார்த்தால் தமிழர்களுக்கு இந்த வித்தை புதிதே இல்லை. 'பட்டிமண்டபம்' என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்கள் வழியாகவும், பிறகு சாலமன் பாப்பையா போன்ற நடுவர்கள் வழியாகத் தொலைக்காட்சியிலும் அது வளர்ந்து, நம் நாட்டுக் கோயில் மண்டபங்கள் வரை வந்துவிட்டது. சாப்பிட்ட கையோடு பட்டிமன்றத்துக்கு உட்காருகிற கூட்டம் தூங்குவதில்லை. ஏன்?

பேச்சாளர்களின் நகைச்சுவை ஒரு காரணம்தான். அதற்கு முன்பே ஒரு வேலை நடந்து முடிந்துவிடுகிறது. கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்று சுவரொட்டியில் பார்த்தவுடனேயே நாம் மனத்துக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். முதல் பேச்சாளர் வாய் திறக்கும்போது, நம் கட்சிக்காரர் ஜெயிக்கிறாரா என்று பார்க்க நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம். பந்தயம் கட்டியவன் ஆட்டத்தின் நடுவில் தூங்குவதில்லை.

நம் கருத்தரங்குகளின் தலைப்பைப் பாருங்கள். 'சவால்களும் வாய்ப்புகளும்', 'நேற்று, இன்று, நாளை'. இதில் எந்தப் பக்கம் சாய்வது? சாய்வதற்கு இடமில்லாதபோது மனிதர்கள் நாற்காலியில்தான் சாய்வார்கள். தலைப்பை மாற்றும் உரிமை பெரும்பாலும் நெறியாளருக்கு இருக்காது. ஆனால் முதல் வாக்கியம் அவர் கையில் இருக்கிறது. தலைப்பு செய்யத் தவறியதை அந்த முதல் வாக்கியம் செய்துவிட வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. பட்டிமன்றத்தில் கட்சி பிரித்துக் கொடுக்கிறோம். பேச்சாளர் தனக்கு வந்த பக்கத்துக்காக வாதாடுகிறார். கலந்துரையாடலில் அமர்ந்திருப்பவர்களுக்கு உண்மையான சொந்தக் கருத்து இருக்கிறது. அவர்களைக் கட்சி கட்டவைக்கவும் கூடாது, கடைசியில் நெறியாளர் தீர்ப்பு சொல்லவும் கூடாது.

*கேள்வி கிடைத்த விதம்*

செகிஞ்சான் நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் முன்பு, மேடையில் பேச இருந்த மூவரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்தேன். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒருவர் தோட்டத்தில் பிறந்து, இப்போது ஷா ஆலமில் வேலை செய்யும் பொறியியலாளர். மூன்றாமவர் சொந்தமாகச் சமையல் குத்தகை எடுத்து நடத்தும் ஓர் அம்மா. மூவரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்டேன்: "மத்த ரெண்டு பேரும் பேசப்போறதுல, நீங்க எதை ஒத்துக்க மாட்டீங்க?"

இந்த ஒரு விசாரிப்பு, முழுநாள் தயாரிப்பைவிட அதிகம் தரும். "நல்லாப் படிங்க, ஊரைவிட்டு வெளிய போங்கன்னுதான் என் மாணவர்களுக்கு முப்பது வருஷமா சொல்லிக்கிட்டு வந்தேன்" என்றார் ஆசிரியர். "எல்லாரையும் அனுப்பிட்டு, இப்ப யாரும் இல்லைன்னு அழுதா எப்படி தம்பி?" என்றார் சமையல் குத்தகை அம்மா. பொறியியலாளர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் போனது சரிதான். ஆனா அப்பாகிட்ட அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் பேசினதில்ல" என்றார்.

மூன்று பேரும் உரசிக்கொள்கிற இடம் அதுதான். கேள்வியும் அங்கேதான் இருந்தது.

இந்த வட்டாரத்துக்கு அது வெறும் விவாதப் பொருளும் இல்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது பக்கத்துக் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறைகள், 'நீயாவது இந்தத் தோட்டத்தைவிட்டு வெளியே போ' என்று சொல்லித்தான் வளர்த்தன. வெளியே போவதுதான் வெற்றி என்பது பல வீடுகளில் கேள்வியே கேட்கப்படாத உண்மை. அந்த உண்மையைத் தொட்டால் தூக்கம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. தொடும் விதத்தில் கவனம் வேண்டும் என்பதும் தெரிந்தது.

*பாயச வரிசையில் ஒரு சோதனை*

கேள்வியை மேடைக்குக் கொண்டுபோகுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மதிய உணவு நேரத்தைவிட நல்ல நேரம் கிடையாது. நான் இலை போடுகிறவர்கள், பாயச வரிசையில் நிற்கிறவர்கள், வெளியே கார் நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் என்று ஐந்தாறு பேரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்ப்பேன்.

முதலில் என் கேள்வி வேறு மாதிரி இருந்தது: "இளைஞர்கள் சொந்த ஊரின் வளர்ச்சிக்குப் பங்காற்ற வேண்டுமா?" கேட்ட ஐந்து பேரும், "கண்டிப்பா வேணும்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்கள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தக் கேள்வி செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, "ஊரில் தங்குவது நல்லதா, கெட்டதா?" என்றேன். "அது ஆளைப் பொறுத்தது தம்பி" என்றார்கள். அதுவும் ஆகாது. 'பொறுத்தது' என்ற பதில் வந்தால், கேள்வி இன்னும் கூர்மையாகவில்லை. மூன்றாவதாகத்தான் 'தோத்துட்டாங்களா' என்ற சொல்லைப் போட்டேன். இலை எடுத்துக்கொண்டிருந்த அக்கா நின்றுவிட்டார். "யாரு சொன்னா தோத்துட்டாங்கன்னு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "பின்ன என்ன, இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவெச்சது எதுக்கு?" என்றார். இருவரும் என்னை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். கேள்வி தயார்.

அதன் வடிவத்தையும் கவனியுங்கள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வீட்டில் பேசுகிற தமிழ். பதில் இரண்டே இரண்டு. 'மேலும்', 'அதே வேளையில்' என்று ஒட்டு ஏதும் இல்லை. பாதித் தூக்கத்தில் இருப்பவர் நீளமான கேள்வியின் முடிவைக் கேட்பதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுவார்.

இன்னொன்று, கட்டாயம் செய்ய வேண்டியது: மேடையில் அமரப்போகிறவர்களிடம் கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சீண்டல் கூட்டத்துக்குத்தான், பேச்சாளருக்கு அல்ல. அவர்கள் திகைத்துப்போனால், "இது ஒரு நல்ல கேள்வி, ஆனாலும்..." என்று நழுவிவிடுவார்கள். எழுந்த கூட்டம் மறுபடி படுத்துவிடும். அன்று மூவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: உங்கள் முதல் வாக்கியம் 'தோத்துட்டாங்க' அல்லது 'இல்ல' என்பதாக இருக்கட்டும், காரணம் பிறகு.

*முதல் ஐந்து நிமிடம்*

ஏற்பாட்டாளரிடமும் ஓர் அனுமதி வாங்கியிருந்தேன். பிரமுகர்களின் பெயரையும் பட்டத்தையும் சொல்லி வரவேற்பது காலையிலேயே முடிந்துவிட்டது. மதியம் அதைத் திரும்பச் செய்ய வேண்டாம். பேச்சாளர்களின் அறிமுகமும் தொடக்கத்தில் வேண்டாம். ஒவ்வொருவரும் பேசப்போகும்போது ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். படிப்பு, பதவி, பெற்ற விருது என்று மூன்று பேரின் வரலாற்றை முதலில் வாசித்தால், அந்தப் பத்து நிமிடத்தில் கூட்டம் தூங்கி முடித்துவிடும்.

கேள்வியைக் கேட்டேன். பிறகு சும்மா இருந்தேன்.

இதுதான் எங்களைப் போன்ற வானொலிக்காரர்களுக்கு மிகக் கடினம். ஒலிபரப்பில் மூன்று விநாடி அமைதி என்றாலே நெஞ்சு படபடக்கும். ஆனால் மேடையில் அந்த அமைதி வேலை செய்கிறது. மனத்துக்குள் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணினேன். ஐந்து எண்ணும்போது சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். ஏழில் ஒரு முணுமுணுப்பு. எட்டில், "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. தோத்துட்டாங்கன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன்.

தூங்குகிற கூட்டத்தைக் கண் மூடச் சொல்வது வேடிக்கைதான், சிரிப்பும் வந்தது. ஆனால் நம் கூட்டங்களில் பெரியவர் கை தூக்கினால் சின்னவர்கள் தூக்குவார்கள், கணவர் தூக்காவிட்டால் மனைவி தயங்குவார். கண் மூடினால்தான் அவரவர் கை அவரவருடையது. பாதிக்குச் சற்று அதிகமான கைகள் எழுந்தன. 'இல்லை' என்றவர்கள் அதற்கு அடுத்து. "இன்னும் முடிவு பண்ணாதவங்க?" என்று அவர்களுக்கும் ஓர் இடம் கொடுத்தேன். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லி, தோராயமான கணக்கைச் சொன்னேன்.

அடுத்த படியை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1990-களின் தொடக்கத்தில் அவர் தம் வகுப்பில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு கேள்வி, மாணவர்கள் தனியாக யோசித்துப் பதிலளிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும், மறுபடி பதிலளிக்க வேண்டும். ஏறக்குறைய 30-லிருந்து 70 விழுக்காட்டினர் சரியான பதிலைச் சொன்னால்தான் பக்கத்து ஆளோடு பேசவைப்பதில் பலன் உண்டு என்பது அவர் அனுபவம். மிகக் குறைவானவர்களுக்கே தெரிந்தால் பேச ஆளில்லை. ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்தால் பேச விஷயமில்லை. நம் கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்றில்லாவிட்டாலும் அதே கணக்கு ஓரளவு பொருந்துகிறது. கைகள் இரண்டு பக்கமும் பிரிந்தால் பேசவிடலாம். ஒரே பக்கம் குவிந்தால் நேராகப் பேச்சாளரிடம் போய்விட வேண்டும்.

"பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க" என்றேன். அரங்கம் சந்தைக்கடை ஆனது. தன் வாயால் பேசிக்கொண்டிருப்பவர் தூங்க முடியாது. இரண்டு நிமிடம் முடிந்ததும், சத்தம் உச்சத்தில் இருக்கும்போதே, ஆசிரியர் பக்கம் திரும்பினேன். "இல்ல" என்று தொடங்கினார் அவர். முப்பது ஆண்டுகள் வெளியே போகச் சொன்னவர் 'இல்ல' என்றதும் கூட்டமே நிமிர்ந்துவிட்டது.

*நான் திட்டமிடாதது*

அன்று ஒரு விஷயம் என் கணக்கில் இல்லை. கண் திறந்த பிறகும் ஓர் அம்மாவின் கை கீழே இறங்கவில்லை. 'தோத்துட்டாங்க' என்று தூக்கிய கை. பக்கத்தில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மகன். பட்டப்படிப்பு முடித்து, கோலாலம்பூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, ஊருக்கே திரும்பி வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய நானாக இருந்தால் ஒலிவாங்கியை அந்த அம்மாவிடம் நீட்டி, "ஏன்மா அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டிருப்பேன். நல்ல காட்சி கிடைத்திருக்கும். அன்று நீட்டவில்லை. கூட்டத்தை எழுப்பும் கேள்வி ஒரு தாயையும் மகனையும் எல்லார் முன்னாலும் எதிரெதிரே நிறுத்தினால், அது நான் கொடுக்கக்கூடாத விலை. கை தூக்கியவரை விளக்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்பதை அன்றிலிருந்து விதியாகவே வைத்திருக்கிறேன். பேச விரும்புகிறவர் தானாக எழுந்து வருவார்.

எழுந்து வந்தது மகன்தான், கேள்வி நேரத்தில். "நான் திரும்பி வந்தது தோத்துப்போயி இல்ல. ஆனா அம்மா அப்படி நினைக்கறாங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேடையில் இருந்த பொறியியலாளர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். யாரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை.

முடிவில் மறுபடி கண் மூடி வாக்கெடுப்பு. தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கடைசிவரை அதன் பக்கம் திரும்பாமல் போவது கூட்டத்தை ஏமாற்றுவது போல. இம்முறை 'தோத்துட்டாங்க' பக்கம் கைகள் குறைந்திருந்தன. முடிவு பண்ணாதவர்கள் கூடியிருந்தார்கள். அந்த அம்மா எதற்கும் கை தூக்கவில்லை.

இந்த வித்தைக்கு எல்லையும் உண்டு. ஒரு கேள்வியின் சூடு பதினைந்து, இருபது நிமிடம்தான் தாங்கும். அதற்குப் பிறகு பேச்சாளர்களிடம் சரக்கு இருக்க வேண்டும். படவில்லை ஓட்டுவதற்காக விளக்கை அணைத்துவிட்டால் எந்தக் கேள்வியும் காப்பாற்றாது. ஊரில் அண்மையில் சாவோ சண்டையோ நடந்திருந்தால், அதைத் தொடும் கேள்வி வேண்டவே வேண்டாம். சேமநிதி, வரி போன்ற தகவல் கூட்டங்களில் கருத்துக் கேட்பதைவிட, ஒரு தொகையை ஊகிக்கச் சொல்லிக் கை தூக்கவைப்பது நல்லது.

நிகழ்ச்சி முடிந்து, தேநீர் மேசைக்கு அருகே அந்த அம்மா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க கேட்டது சரியா தப்பான்னு தெரியல தம்பி" என்றார். "இனி வீட்டுக்குப் போற வழியில நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் ஆகணும்."

மகன் காரை மண்டப வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அம்மா முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். வயல்களுக்கு நடுவே கார் போவதை, கையில் தேநீரோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.